படியேறி வந்தால் வலது

எங்கள் கட்டடத்துக்கு லிஃப்ட் வந்தது நல்ல காரியம்தான். அதைக் கொண்டுவந்தவர் தோன் லியாந்த்ரோ என்பதுதான் எங்கள் கெட்ட காலம். வேறு யாராவது கொண்டுவந்திருந்தால் லிஃப்ட்டோடு போயிருக்கும். இவர் கொண்டுவந்ததால் உலகமே அந்த லிஃப்ட்டிலிருந்துதான் தொடங்குகிறது என்று ஆகிவிட்டது.

என் பெயர் அசுன். கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பெண்களுக்கு முடி வெட்டும் கடை வைத்திருக்கிறேன். ஸ்பெயினில் மத்ரித் நகரம், எஸ்பார்த்தோ தெரு, எண் பதினேழு. நாலு மாடி, மாடிக்கு இரண்டு வீடு, ஒன்று இடது, ஒன்று வலது. இந்தக் கட்டடத்தில் யார் தும்மினாலும் என் கடையில் உட்கார்ந்திருப்பவர்கள்தான் முதலில் 'நூறு ஆயுசு' சொல்வார்கள். அதனால் நான் சொல்வதில் பொய் இருக்காது. கோபம் இருக்கும்.

'தோன்' என்பது இங்கே மரியாதைக்குப் பெயருக்கு முன்னால் போடுவது, பெண்களுக்கு 'தோன்யா'. தோன் லியாந்த்ரோ ஒரு நோட்டரி அலுவலகத்தில் வாழ்நாள் முழுக்கப் பத்திரம் தட்டச்சு செய்து ஓய்வு பெற்றவர். இங்கே குடியிருப்போர் சங்கத் தலைவர் பதவி முறை வைத்து வரும். எல்லாருக்கும் அது வேண்டாத வியாதி, யார் தலையில் விழுகிறதோ அவர் ஒரு வருஷம் முனகிக்கொண்டே பார்ப்பார். இவர் முறை வந்தபோது மனிதர் அதைப் பட்டாபிஷேகமாக எடுத்துக்கொண்டார். கணக்கு வழக்கைப் பார்க்க வெளியே வைத்திருந்த நிர்வாகியையும் நிறுத்திவிட்டார். "நானே பாத்துக்கறேன், எனக்குத் தெரியாத சட்டமா" என்றார். அடுத்த முறைக்காரர் நல்லதாகப் போயிற்று என்று விட்டுக்கொடுக்க, அதற்கு அடுத்தவரும் விட்டுக்கொடுக்க, மனிதர் இறங்கவே இல்லை.

அவர் வீடு மூன்றாம் மாடி இடது. எதிர்வீடு, மூன்றாம் மாடி வலது, ஒப்துலியா செரேசோவுடையது. அவள் அந்த வீட்டில்தான் பிறந்தாள். துணி திருத்தித் தைத்துக் கொடுக்கிறாள், நாள் முழுக்க மெஷின் ஓடும். அவள் அண்ணன் ஃபெர்மின் பக்கவாதம் வந்து சக்கர நாற்காலியில் இருக்கிறார். தூக்குவது, குளிப்பாட்டுவது, திருப்பிப் படுக்க வைப்பது எல்லாம் ஒப்துலியாதான். அவள் முதுகு போய்விட்டது. ஊசியில் நூல் கோக்கக் குனிந்தவள் நிமிர ஒரு பாட்டு முடியும் நேரம் ஆகும். பகல்நேரப் பராமரிப்பு இல்லத்தில் ஃபெர்மினுக்கு ஓர் இடம் கேட்டு விண்ணப்பித்துக் காத்திருந்தாள். காலையில் வேன் வந்து கூட்டிப் போகும், சாயங்காலம் கொண்டுவந்து விடும். அந்த இடம் கிடைத்தால் அவள் பிழைப்பாள். கிடைக்காவிட்டால் அந்த வீட்டில் இரண்டு நாற்காலி வேண்டியிருக்கும். அவளே என் கடையில் உட்கார்ந்து அப்படிச் சொன்னாள், சிரிக்காமல்.

இப்போது லிஃப்ட்டுக்கு வருகிறேன். படியேறி மாடித் தளத்துக்கு வந்தால் எதிரே முற்றத்துச் சுவர் இருக்கும். வலது கை பக்கம் ஒப்துலியா, இடது கை பக்கம் தோன் லியாந்த்ரோ. கட்டடம் கட்டிய நாளிலிருந்து அப்படித்தான். லிஃப்ட்டை வைக்க வேறு இடமில்லாமல் முற்றத்தில் வைத்து அந்த எதிர்ச் சுவரை உடைத்துக் கதவு போட்டார்கள். ஆக, லிஃப்ட்டிலிருந்து இறங்குபவன் படிக்கட்டைப் பார்த்து நிற்பான். அவனுக்கு ஒப்துலியா இடப்பக்கம், தோன் லியாந்த்ரோ வலப்பக்கம். பச்சைக் குழந்தைக்குக்கூடப் புரியும், திரும்பி நின்றால் கை மாறும், வீடு மாறாது என்று.

தோன் லியாந்த்ரோவுக்குப் புரியவில்லை. அல்லது புரிந்துகொள்ள மனமில்லை. வாழ்நாள் முழுக்கத் தன் கடிதங்களில் 'இடது' என்று எழுதி வந்தது அவருக்கு உறுத்தலாகவே இருந்திருக்கும் போல. ஜூலை மாதக் கூட்டம். அந்த வெயிலில் எல்லாரும் எப்போது எழுந்து போகலாம் என்று விசிறிக்கொண்டிருந்தபோது, கடைசியாக ஒரு வார்த்தை சொன்னார்.

"இனிமே யாரு படியேறி வரப்போறா? லிஃப்ட்லதான் வரணும். அதனால லிஃப்ட்லேருந்து எறங்கினா எது வலதோ அதுதான் வலது. புதுப் பலகை சொல்லிட்டேன்."

"அப்ப என் வீடு?" என்றாள் ஒப்துலியா.

"இடது. ஒரு நாளைக்குப் பழகிடும்."

"என் அடையாள அட்டைல, விண்ணப்பத்துல, எல்லாத்துலயும் வலதுன்னு இருக்கே."

"மாத்திக்கோங்கம்மா. எல்லாத்தையும் நானே வந்து மாத்தித் தரணுமா? உங்க அண்ணனுக்காகத்தானே இந்த லிஃப்ட்டே வச்சேன்."

தன் சட்டைப்பையிலிருந்து எடுத்து வைத்த மாதிரி பேசினார். நாங்கள் எல்லாரும் பங்கு போட்டுக் கட்டியது. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. நானும்தான். எனக்குக் கீழ்த்தளம், லிஃப்ட் வந்தாலும் வராவிட்டாலும் தரையில்தான் இருப்பேன் என்று விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒரு வாரத்தில் கதவுக்குக் கதவு பித்தளைப் பலகை மின்னியது. அதோடு நின்றாரா? வாசலில் இருந்த தபால் பெட்டிகளில் எங்கள் பெயர்கள் இருந்தன. தனிநபர் விவரப் பாதுகாப்பு என்று சொல்லி அத்தனை பெயரையும் சுரண்டி எடுத்துவிட்டு, மாடியும் பக்கமும் மட்டும் ஒட்டினார். பெயர் இல்லாத எட்டு பெட்டிகள். பெயரைப் பார்த்துத் திருடன் வந்துவிடுவான் என்று பயமாம். எங்களிடம் திருடுவதற்குத் தோன் லியாந்த்ரோவைத் தவிர வேறென்ன இருக்கிறது? அவரை யார் வேண்டுமானாலும் கொண்டு போகட்டும்.

முதலில் சிரிப்பாகத்தான் போயிற்று. எங்கள் தபால்காரி சக்ராரியோவுக்கு இந்தத் தெருவில் ஆளைத் தெரியும், ஆளின் அத்தையையும் தெரியும். பலகையை அவள் ஏறிட்டும் பார்க்கவில்லை. "நான் கதவுக்கா தபால் கொண்டாறேன்? மனுஷங்களுக்குக் கொண்டாறேன்" என்று சொல்லிவிட்டுப் பழையபடி போட்டுக்கொண்டிருந்தாள். ஆனால் ஆகஸ்ட் வந்தது. ஆகஸ்ட்டில் மத்ரித்தில் வேலை பார்ப்பவன் பாவம் செய்தவன். சக்ராரியோ ஊருக்குப் போய்விட்டாள். பதிலுக்கு யாகோ என்று ஒருவன் வந்தான், வடக்கே கலீசியாக்காரன், நாற்பது வயசிருக்கும், ஒழுங்கான ஆள். உறையில் என்ன எழுதியிருக்கிறதோ அதன்படி போவான். அவனைக் குறை சொல்ல முடியாது. அதற்குத்தானே உறையில் எழுதுகிறோம்.

செப்டம்பர் தொடக்கத்தில், சக்ராரியோ திரும்பி வருவதற்குள் ஒரு நாள் எனக்கு வந்த சாயப் பெட்டியைக் கொடுக்கக் கடைக்குள் வந்தவன், கையெழுத்து வாங்கும்போது பேச்சுவாக்கில் சொன்னான்.

"உங்க கட்டடத்துல மூணாவது வலதுல முன்னாடி செரேசோன்னு ஒரு அம்மா இருந்தாங்களா?"

"முன்னாடி என்ன, இப்பவும் இருக்கா."

"அப்படியா? அந்த ஐயா அப்படி யாரையும் தெரியாதுன்னுட்டாரே."

என் கையிலிருந்த பேனா அப்படியே நின்றது. "எந்த ஐயா?"

"மூணாவது வலது, கண்ணாடி போட்டவர். பதிவுத் தபால், அரசாங்கத்துலேருந்து. பெல் அடிச்சேன். பேரைப் படிச்சுப் பாத்துட்டு, இங்க அப்படி யாரும் இல்லைன்னார். எதிர்வீட்ல கேக்கவான்னேன். எதிர்வீடு இடது, உங்க தபால்ல வலதுன்னுதானே போட்டிருக்குன்னார். சரின்னு 'தெரியாதவர்'னு குறிச்சுத் திருப்பி அனுப்பிட்டேன். அது போன மாசம்."

"எதிர்வீட்ல தையல் மெஷின் ஓடுற சத்தம் கேக்கலையா உனக்கு?"

"கேட்டுச்சு," என்றான் பாவம். "மெஷின் சத்தத்துல பேரு தெரியாதுங்களே."

தலையில் சாயம் தடவிய ஒரு அம்மாவை அப்படியே உட்கார வைத்துவிட்டு மூன்று மாடியும் படியேறிப் போனேன். அன்றைக்கு லிஃப்ட்டில் ஏற எனக்கு வெறுப்பாக இருந்தது. ஒப்துலியாவிடம் சொன்னேன். அவள் மெஷினை நிறுத்தவில்லை. கால் தன்பாட்டுக்கு மிதித்துக்கொண்டிருந்தது, துணி கீழே விழுந்த பிறகும்.

"இந்தக் கதவத் தொறந்தா அந்தக் கதவு," என்றாள். "அவங்க அம்மா செத்தப்ப புதைக்கறதுக்குப் போட்ட கறுப்பு உடுப்பு நான் தைச்சது. ராத்திரியோட ராத்திரியா. என்னைத் தெரியாதா அவருக்கு?"

மறுநாள் இருவரும் சமூக சேவை அலுவலகத்துக்குப் போனோம். ஃபெர்மினைப் பார்த்துக்கொள்ள என் கடைப்பெண்ணை உட்கார வைத்தேன். கவுண்ட்டர் ஜன்னலில் இருந்தவள் ஒலாயா என்ற பெண், முகத்தில் கடுப்பில்லாத அதிகாரி, அபூர்வம். கோப்பைப் பிரித்துத் திரும்பி வந்த உறையை எடுத்து எங்கள் முன் வைத்தாள்.

D.ª Obdulia Cerezo
C/ del Esparto, 17, 3.º Dcha.
28005 Madrid

ஒரு எழுத்து தப்பில்லை. முதல் வரியில் ஆள். C-யும் சாய்ந்த கோடும் தெரு, பிறகு எண், பிறகு மாடி, பிறகு வலது. கடைசியில் ஊருக்கு முன்னால் அஞ்சல் எண். முதல் இரண்டு இலக்கம் மத்ரித், மற்ற மூன்றும் எங்கள் பேட்டை. உலகத்தில் எந்த மூலையிலிருந்து போட்டாலும் ஒப்துலியாவின் கதவுக்கு வந்து சேர வேண்டிய உறை. அதன் மேல் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. ஆள் இல்லை, முகவரி தவறு, வாங்க மறுத்தார், தெரியாதவர் என்று கட்டங்கள். கடைசிக் கட்டத்தில் குறி.

"இடம் கெடச்சிருக்கும்மா உங்க அண்ணனுக்கு," என்றாள் ஒலாயா. "அதைச் சொல்லத்தான் இந்தத் தபால். நீங்க வாங்கலை, அரசிதழ்ல அறிவிப்பும் போட்டாச்சு. இந்த மாசம் முடியறதுக்குள்ள நீங்க ஒத்துக்கலைன்னா அடுத்த ஆளுக்குப் போயிடும்."

"நான் இதோ வந்திருக்கேனே. ஒத்துக்கறேன்."

"அதுல ஒரு சிக்கல் இருக்கு. இந்த முகவரில நீங்க இல்லைன்னு தபால்துறை சொல்லுது. நீங்க அங்கதான் இருக்கீங்கன்னு மாநகராட்சிப் பதிவு சொல்லுது. ரெண்டு அரசாங்கத்துக்கு நடுவுல நான் யாரை நம்பறது? வேற பகுதிக்குக் குடிபோயிட்டு இங்க இடம் வாங்கறவங்க இருக்காங்க. உங்க குடியிருப்போர் சங்கம் ஒரு சான்று குடுக்கட்டும். மூணாவது வலது உங்க வீடுதான், தபால்காரர் போனது வேற கதவு, அங்க பதில் சொன்னது இன்னார். அது வந்தா முடிஞ்சது."

"சங்கத்துல யாரு கையெழுத்துப் போடணும்?" என்று கேட்டேன், பதில் தெரிந்தே.

"நிர்வாகி இருந்தா நிர்வாகி. இல்லைன்னா தலைவர்."

வெளியே வந்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகிறவள் பக்கத்தில் நின்று சிரிக்கக் கூடாது என்று அடக்கிக்கொண்டேன். ஒப்துலியா அழவில்லை. "அந்த ஆளு கால்ல விழமாட்டேன்," என்றாள். "கையெழுத்து மட்டும் வாங்கறேன்."

அன்று மாலையே அவர் கதவைத் தட்டினோம். அவர் மனைவி தோன்யா புரா திறந்தாள். அந்தம்மா சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே சத்தமில்லாமல் நடக்கிற ஜாதி, புருஷன் பேசும்போது பாத்திரம் கழுவ மாட்டாள். தோன் லியாந்த்ரோ மேஜையின் தலைப்பக்கம் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைக் கேட்டார். முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை.

"தபால்காரன் மூணாவது வலதுன்னு கேட்டான். மூணாவது வலது இந்த வீடு. இந்த வீட்ல நீங்க இருக்கீங்களா? இல்லை. இல்லைன்னு சொன்னேன். இதுல பொய் எங்கம்மா இருக்கு?"

"நான் எதிர்ல இருக்கேன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். என்கிட்ட கேட்டது தபால். தபாலுக்கு முகவரிதான் பேச்சு. மாத்திக்கோங்கன்னு ஜூலையிலயே சொன்னேன்ல? நீங்க மாத்தலை."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பூசணிக்காய்க்குப் பாடம் எடுத்துவிட்டு மறைக்கிறவரை அன்றுதான் பார்த்தேன். அதோடு விட்டாரா? பெருந்தன்மையாக ஒரு தாளை எடுத்து, "சான்றுதானே, தர்றேன்," என்று எழுத ஆரம்பித்தார். நான் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். செரேசோ அம்மையார் மூன்றாம் மாடி இடதில் வசிப்பவர் என்று எழுதிக்கொண்டிருந்தார்.

"இதக் கொண்டு போனா என்ன ஆகும் தெரியுமா?" என்றேன். "அவ தப்பான முகவரி குடுத்தான்னு ஆகும். இடம் போயிடும்."

"இருக்கறதைத்தான் நான் எழுத முடியும், அசுன். கதவுல என்ன இருக்கோ அது."

ஒப்துலியா எழுந்து எதிரே தன் வீட்டுக்குப் போனாள். திரும்பி வந்தபோது கையில் அவள் வீட்டுப் பத்திரம். அவர் முன்னால் விரித்து ஒரு வரியில் விரலை வைத்தாள். "படிங்க. உங்க தொழில்தானே."

கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, பத்திரம் வாசிக்கும் அந்தக் குரலிலேயே ஆரம்பித்தார். "மூன்றாம் மாடி வலது வீடு, படிக்கட்டு வழியாக ஏறி வரும்போது..." அங்கே குரல் நின்றது. இந்த நாட்டில் மாடி வீட்டுப் பத்திரங்களில் அப்படித்தான் எழுதுவார்கள். எந்தப் பக்கம் நின்று பார்த்தால் வலது என்று சண்டை வரக் கூடாது என்பதற்காகவே அந்த வார்த்தைகள். மனிதர் நாற்பது வருஷம் தட்டிய வரி அது. விரல் தேயத் தட்டியவர் ஒரு தடவைகூடப் படிக்கவில்லை போலிருக்கிறது.

"அது பழைய பத்திரம்," என்றார். "லிஃப்ட்டுக்கு முந்தினது."

சமையலறை வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது. யார் என்று நான் திரும்பிப் பார்க்க வேண்டியிருந்தது, அந்தக் குரலை அவ்வளவு அரிதாகத்தான் கேட்டிருக்கிறேன்.

"நம்ம பத்திரத்துலயும் அப்படித்தானே இருக்கும், லியாந்த்ரோ?" என்றாள் தோன்யா புரா. "ஏறி வரும்போது இடதுன்னு."

"இருந்தா என்ன?"

"நம்ம வீடு வலதுன்னு நீ கையெழுத்துப் போட்டுக் குடுத்தா, அவங்க வீட்ல நாம இருக்கோம்னு நீயே எழுதிக் குடுத்த மாதிரி ஆகாதா? அப்ப நம்ம வீடு யாருது? நான் செத்தா பிள்ளைங்க எதை விப்பாங்க?"

அந்தம்மா சட்டம் படித்தவள் இல்லை. அந்தக் காகிதத்தால் வீடு கைமாறிவிடாது என்று எனக்கே தெரியும். ஆனால் தோன் லியாந்த்ரோவின் காது வரைக்கும் சிவந்தது. தன் பெயர் போட்ட ஒரு காகிதத்தில், தன் முத்திரைக்குக் கீழே, ஒரு தப்பு என்றென்றைக்கும் இருக்கும் என்பது மட்டும்தான் அவருக்கு உறைத்தது. எதிர்வீட்டுக்காரனின் முடங்கிய கால், தங்கையின் ஒடிந்த முதுகு, அதெல்லாம் உறைக்கவில்லை. உறைத்திருந்தால் ஆகஸ்ட்டிலேயே உறைத்திருக்கும். இப்படிப்பட்ட மனிதர்களுக்கு மனசாட்சி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோப்பு இருக்கும்.

எழுதிய தாளை நாலாகக் கிழித்தார். புதுத் தாள் எடுத்தார். பத்திரங்களின்படி மூன்றாம் மாடி வலது செரேசோ அம்மையாருடையது, கதவுகளிலுள்ள பலகைகள் பத்திரங்களுக்குப் பொருந்தவில்லை, தபால்காரர் சென்றது வேறு கதவு. அதுவரை கை ஓடியது. அடுத்த வரியில் 'அங்கே ஓர் அண்டை வீட்டார் பதிலளித்தார்' என்று எழுதிப் பேனாவை மூடப் போனார்.

"பேரு போடணும்," என்றாள் ஒப்துலியா. "அலுவலகத்துல கேட்டாங்க."

"அண்டை வீட்டார்னா போதாதா?"

"பேரில்லாத பொட்டி எட்டு வச்சிருக்கீங்க கீழ. ஒரு காகிதத்துலயாவது பேரு இருக்கட்டும்."

எழுதினார். முழுப் பெயர், தகப்பன் வழிக் குடும்பப் பெயர், தாய் வழிக் குடும்பப் பெயர், இரண்டும். கீழே அதே பெயரில் கையெழுத்து, சங்கத்தின் முத்திரை. ஒப்துலியா அதை வாங்கி மடித்துக்கொண்டாள். நன்றி சொல்லவில்லை. நான் சொன்னேன், தோன்யா புராவுக்கு.

மறுநாள் காலை ஒலாயா அந்தத் தாளை இரண்டு தடவை படித்தாள். "பதில் சொன்னவர் பேரும் கையெழுத்துப் போட்டவர் பேரும் ஒண்ணா இருக்கே," என்றாள். "எழுத்துப்பிழையா?"

"இல்லை," என்றேன். "ஆளே பிழை."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். கணினியில் தட்டினாள். அறிவிப்பு ஒழுங்காகச் சேரவில்லை என்று பதிந்தாயிற்று, ஃபெர்மினின் இடம் ஃபெர்மினுக்கே, வர்ற திங்கட்கிழமை வேன் வரும் என்றாள். ஒப்துலியா ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த அலுவலகத்தில் உட்கார நாற்காலி இருந்தது, ஆனால் உட்கார்ந்தால் எழுந்திருக்க நேரமாகும் என்று அவள் உட்காரவில்லை. நான் சுவரிலிருந்த அறிவிப்பை எல்லாம் ஒன்றுவிடாமல் படித்தேன்.

"ஒரே ஒரு கட்டம் பாக்கி," என்றாள் ஒலாயா. "சான்று குடுத்தவருக்கும் உங்களுக்கும் என்ன உறவு? சொந்தம், அண்டை வீடு, நண்பர், இப்படி ஏதாவது."

ஒப்துலியா யோசிக்கவே இல்லை.

"தெரியாதவர்னு போடுங்க," என்றாள்.